குறுக்கும் நெடுக்கும்: ஆறு வயதுக் குழந்தையும் உயிர்மெய் அட்டவணையும்

தமிழ் உயிர்மெய் அட்டவணையின் மேல்வரியில் அ முதல் ஔ வரை 12 உயிர் எழுத்துகள் நிற்கின்றன. இடப்பக்கம் மேலிருந்து கீழாக க் முதல் ன் வரை 18 மெய்கள். இரண்டும் சந்திக்கும் 216 கட்டங்களில் உயிர்மெய் எழுத்துகள். இந்த அட்டவணையை முடித்துவிட்டது என்று ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அது இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அதன் ஒலியைச் சொல்ல வேண்டும். எந்த ஒலியைக் கேட்டாலும் அதற்குரிய எழுத்தை எழுத வேண்டும். இரண்டையும் முன்பின் எழுத்துகளின் துணை இல்லாமல் செய்ய வேண்டும்.

கடைசி நிபந்தனையில்தான் பெரும்பாலான குழந்தைகள் தடுமாறுகின்றன. வகுப்பில் பழகிவந்த முறை, க, கா, கி, கீ என்று கௌ வரை ராகத்தோடு சொல்லிப் பழக்குவது. ஒரு மாதத்தில் குழந்தை அதைத் தடையில்லாமல் ஒப்பிக்கும். விரலும் அட்டவணையின் மேல் ஒழுங்காக நகரும். ஆனால் மற்ற கட்டங்களை மூடிவிட்டு ‘பீ’ என்ற ஒன்றை மட்டும் காட்டினால், அந்தக் குழந்தை வாய்க்குள் “ப, பா, பி...” என்று முணுமுணுத்த பிறகே “பீ” என்கிறது. உதட்டைக் கவனித்தாலே இது தெரிந்துவிடும். அங்கே எழுத்தைக் கண் படிக்கவில்லை, ராகத்தை நினைவு ஓட்டிப் பார்க்கிறது. ஒப்பித்தல் வீணானதல்ல. எழுத்துகளின் வரிசை பின்னாளில் அகராதி பார்க்க வேண்டியிருக்கும். அதை வாசிப்பு என்று எண்ணிவிடுவதால்தான் கேடு.

குறுக்காகச் செல்லும் ஒரு வரியில் எழுத்தின் உடல் மாறுவதில்லை; க, கா, கி மூன்றிலும் க தெரிகிறது. நெடுக்காகச் செல்லும் வரியில் உடல் மாறுகிறது, குறி மாறுவதில்லை. கா, பா, மா மூன்றிலும் துணைக்கால் இருக்கிறது, மூன்றும் ஆ என்றே முடிகின்றன. அட்டவணையின் சிக்கனம் இந்த நெடுக்கு வரியில்தான் இருக்கிறது. அகர வரிசையின் 18 உருவங்களும், ஆ, இ, ஈ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஒன்பது உயிர்களின் குறிகளும், தனியாகக் கற்க வேண்டிய உகர, ஊகார எழுத்துகள் 36-உம் சேர்த்தால் 63 உருப்படிகள். டி, டீ போன்ற சில விலக்குகளை விட்டால் மற்றவை எல்லாம் இவற்றின் சேர்க்கையே. குறுக்கு வரியை மட்டும் ஒப்பித்த குழந்தைக்கு அட்டவணையில் 216 தனித்தனிச் செய்திகள். நெடுக்கு வரியும் புரிந்த குழந்தைக்கு அறுபத்துச் சொச்சம்தான். அட்டவணையை வைத்து நடத்தும் செயல்பாடுகள் எல்லாம் இந்த ஒரு மாற்றத்தை நோக்கியே அமைய வேண்டும்.

ஆகவே 216 கட்டங்களையும் அச்சிட்ட பெரிய சார்ட்டைச் சுவரில் மாட்டித் தொடங்குவது சரியான தொடக்கமல்ல. சிறிய அட்டவணை போதும். நான்கு மெய்கள், மூன்று உயிர்கள் என்று வைத்துக்கொண்டால் ப, ம, ட, க என்ற நான்கும் அ, ஆ, இ என்ற மூன்றும் நல்ல தேர்வு. ப, ம, ட எழுத எளியவை. ‘க’ அவற்றோடு குழம்பாத உருவம். பன்னிரண்டு உயிர்மெய்களுக்கு இடப்பக்கத்தில் ப், ம், ட், க் என்ற புள்ளி எழுத்துகளுக்கும் ஒரு நெடுக்கு வரி ஒதுக்கினால் மொத்தம் பதினாறு கட்டங்கள். இதிலிருந்து கிடைக்கும் சொற்களைப் பார்த்தால் தேர்வின் காரணம் விளங்கும்: படம், பட்டம், பாடம், பக்கம், படி, பாட்டி, மடி, மாடி, மாமா, மாமி, காகம், கட்டம், கட்டி, கடி, கிட்ட. மேல்வரியின் உயிர்களையும் சேர்த்தால் அம்மா, அப்பா, அக்கா, ஆட்டம், இடி.

எல்லாம் ஆறு வயதுக் குழந்தை வீட்டில் பேசும் சொற்கள். தாய்மொழியில் எழுத்துக் கற்பதன் உண்மையான பலன் இதில் இருக்கிறது. ‘மா’, ‘டி’ என்று தனித்தனியாகப் படித்த குழந்தை இரண்டையும் சேர்த்ததும், அது தனக்குத் தெரிந்த மாடி என்று தானே கண்டுகொள்கிறது. சரியா தவறா என்று சொல்ல ஆசிரியர் தேவையில்லை. ‘காகம்’ என்பதில் முதல் க அழுத்தமாகவும் அடுத்தது மென்மையாகவும் ஒலிக்கின்றன. அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான். இதை விளக்கத் தேவையே இல்லை. சொல் தெரிந்த குழந்தையின் நாக்கு தானாகவே திருத்திக்கொள்கிறது.

முதல் சில நாட்கள் எழுத்தே இல்லாமல், காதுக்கு மட்டும் பயிற்சி. ஆசிரியர் “காஆஆஆ” என்று மூச்சு உள்ளவரை இழுக்கிறார். கடைசியில் வாயில் நிற்பது எது என்று கேட்கிறார். ஆ என்று பதில் வரும். “பாஆஆஆ”, “மாஆஆஆ” என்று இழுத்தாலும் அதே ஆ. பிறகு “கிஇஇஇ”. இந்த இழுவையைத் தாங்களே செய்து பார்த்த குழந்தைகளுக்கு, ஓர் எழுத்துக்குள் உயிர் ஒளிந்திருக்கிறது என்ற செய்தி காது வழியாகப் போய்ச் சேருகிறது. ‘க் + இ = கி’ என்ற கூட்டலைக் கரும்பலகையில் எழுதிப் புரியவைப்பது இந்த வயதில் கடினம், ஏனெனில் ‘க்’ என்ற ஒலி தனியாக வாயில் நிற்பதில்லை. கூட்டல் கணக்கை இரண்டு மூன்று மாதம் கழித்துக் காட்டினால் போதும். அப்போது அது ஏற்கெனவே அறிந்த ஒன்றுக்குப் பெயர் வைப்பதாக இருக்கும்.

இதே காரணத்துக்காகப் பானா, டானா, இம்மன்னா என்ற பழைய பெயர்களை இந்தக் கட்டத்தில் தள்ளி வைப்பது நல்லது. “பானா, டானா, இம்மன்னா” என்று எழுத்துக்கூட்டிய குழந்தை அதிலிருந்து படம் என்ற சொல்லுக்கு வர ஒரு தாவல் தாவ வேண்டியிருக்கிறது. “ப, ட, ம்” என்று ஒலியாலேயே அழைத்தால் வேகமாகச் சொன்னாலே சொல் வந்துவிடுகிறது.

அடுத்தது வெற்று அட்டவணையை நிரப்புதல். வகுப்பறைத் தரையில் சுண்ணக்கட்டியால் ஓரடிக்கு ஓரடி அளவில் கட்டங்கள் போடப்படுகின்றன. மேலே அ, ஆ, இ. இடப்பக்கம் ப, ம, ட, க. உள்கட்டங்கள் வெறுமை. குழந்தைகளிடம் எழுத்து அட்டைகள் கொடுக்கப்படுகின்றன. ‘மி’ என்ற அட்டையை வைத்திருக்கும் குழந்தை ம இருக்கும் வரியில் ஒரு காலையும், இ இருக்கும் வரியில் பார்வையையும் வைத்து, இரண்டும் சந்திக்கும் கட்டத்துக்கு நடந்து போய் அட்டையை வைக்க வேண்டும். நிரம்பிய அட்டவணையில் ‘மி’யைத் தேடுவது கண்ணால் உருவம் பொருத்தும் வேலை, வெற்று அட்டவணையில் ‘மி’க்கு இடம் தேடும்போது அந்த எழுத்தை இரண்டாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும். இந்த வேறுபாட்டுக்காகவே தரை அட்டவணை வெறுமையாக இருக்க வேண்டும். ஒரு குழுவுக்கு நான்கைந்து குழந்தைகள், நேரம் பதினைந்து நிமிடம். அதற்குமேல் போனால் நடப்பது விளையாட்டாகிவிடும், எழுத்து மறைந்துவிடும்.

அட்டைகளைச் செய்யும்போது ஒரு நுணுக்கம் உண்டு. துணைக்காலைத் தனி அட்டையில் எழுதி க, ப, ம, ட ஆகியவற்றின் வலப்பக்கத்தில் ஒட்டிவைத்தால் கா, பா, மா, டா நான்கும் பிழையின்றிக் கிடைக்கும். இகரத்தின் மேல்விலங்கை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் வரைந்து எழுத்தின்மேல் வைத்தால் கி, பி, மி சரியாக வரும், ‘டி’ வராது. அதில் கோடு எழுத்தின் கீழிருந்தே வளைந்து மேலே போகிறது. ‘டீ’யும் அப்படியே. குழந்தை இதைக் கேள்வியாகக் கேட்கும்முன் ஆசிரியரே ‘டி’ தனி என்று காட்டி, அதற்கு மட்டும் முழு அட்டை கொடுப்பது நல்லது.

துணைக்கால் எல்லா மெய்க்கும் ஒரே மாதிரி அமைவது இன்றைய குழந்தைகளுக்குக் கிடைத்த வசதி. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக வெளியிடும் வரை ணா, றா, னா ஆகியவை தனி உருவங்களாகவே எழுதப்பட்டன. ணை, லை, ளை, னை ஆகியவையும் அப்படித்தான். தாத்தா பாட்டியின் கையெழுத்தில் அந்தப் பழைய உருவங்கள் இன்னும் வரும். வீட்டில் அவற்றைப் பார்த்து வரும் குழந்தை குழம்பினால், அது அதே எழுத்தின் பழைய உருவம் என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம்.

தரையில் நிரப்பிய அட்டவணை பிறகு தாளுக்கு வருகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் பதினாறு கட்டங்கள் கொண்ட ஒரு தாள். அதோடு ஒரு தடித்த அட்டையில் ஒரே ஒரு கட்டம் தெரியும் அளவுக்கு வெட்டிய சன்னல். ஆசிரியரோ பக்கத்துக் குழந்தையோ சன்னலைத் தாளின்மேல் நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்த, தெரியும் எழுத்தைச் சொல்ல வேண்டும். சுற்றியுள்ள எழுத்துகள் மறைந்துவிடுவதால் ராகம் பிடித்துப் போக வழியில்லை. சன்னலைக் குறுக்கே நகர்த்தாமல் கண்டபடி தாவவைப்பதுதான் முறை. எளிய கருவிதான், ஒரு குழந்தை எதைப் படிக்கிறது, எதை ஒப்பிக்கிறது என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறு கருவி வகுப்பில் இல்லை.

இதற்குப் பின்னரே சொல். ஆசிரியர் ஒரு சொல்லைச் சொல்ல, குழந்தை தன் தாளில் அதன் எழுத்துகளை வரிசையாகத் தொட வேண்டும். ‘மாடி’ என்றால் மா, டி என்று இரண்டு தொடுகை. ‘பாட்டி’ என்றால் பா, ட், டி என்று மூன்று. இங்கே ஒரு பிழை ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் வரும்: குழந்தை பா, டி என்று இரண்டையே தொடும், சொல்வதெழுதுதலில் ‘பாடி’ என்று எழுதும். கவனக்குறைவு என்று இதைத் திட்டுவது அநியாயம். பாட்டி என்ற சொல்லைக் கைதட்டிச் சொல்லிப் பார்த்தால் பாட்–டி என்று இரண்டு தட்டுகளே விழும். குழந்தை தட்டுக்கு ஓர் எழுத்து என்று கணக்கிட்டிருக்கிறது. இடையில் நிற்கும் புள்ளி எழுத்துக்குத் தனித் தட்டு இல்லை.

இந்தப் பிழையைச் சரிசெய்ய, ‘பாடி’, ‘பாட்டி’ இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லவைக்க வேண்டும். பாடி என்னும்போது நாக்கு மேலே தொட்டதும் விலகிவிடுகிறது. பாட்டி என்னும்போது நாக்கு அங்கேயே ஒரு கணம் நின்று பிறகு விலகுகிறது. அந்த நிற்றல்தான் ‘ட்’. குழந்தை நாக்கு நிற்பதை உணர்ந்து “நிக்குது” என்று சொன்னால், அட்டவணையின் புள்ளி வரியில் விரல் போக வேண்டும். படம்–பட்டம், கடி–கட்டி என்ற இணைகளும் இந்தப் பயிற்சிக்கு ஏற்றவை. நான்கைந்து இணைகளை ஒரு வாரம் நாள்தோறும் தொட்டுப் பழகினால், சொல்வதெழுதுதலில் விடுபடும் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியும் அளவில் குறையும்.

பதினாறு கட்டங்களும் சன்னலில் தடையில்லாமல் வரத் தொடங்கியதும் அட்டவணை வளரலாம். மெய்யில் இரண்டு சேர்ப்பது எளிது. உயிரில் ஒன்று சேர்ப்பதற்குத்தான் உழைப்பு. அடுத்த உயிராக உகரம் வந்தால் மாடு, காடு, பாட்டு, கட்டு, குட்டி என்று சொற்கள் பெருகும். ஆனால் உகரத்துக்குப் பிரித்தெடுத்து ஒட்டக்கூடிய குறி கிடையாது. இங்கே பிளாஸ்டிக் தாளைக் கைவிட்டு, எழுத்துகளை வால் பார்த்துக் குடும்பமாகப் பிரிப்பதே வழி. கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவற்றில் கோடு சுழித்து வளைகிறது. ஙு, சு, பு, யு, வு ஆகியவற்றில் கோடு நேராகக் கீழே இறங்குகிறது. ஞு, ணு, து, நு, லு, று, னு ஆகியவற்றில் கோடு கீழே போய் மடங்கி மேலே ஏறுகிறது. பதினெட்டு அட்டைகளையும் கலைத்துப் போட்டு இப்படி மூன்று குவியலாகப் பிரிக்கச் சொன்னால், குழந்தைகள் பெயர் சொல்லித் தராமலே வடிவத்தைப் பார்த்துப் பிரித்துவிடும். மூன்று குவியல்களும் பிரிந்த பிறகு எழுதக் கற்றுத்தந்தால் கை குழம்புவதில்லை. ஊகாரத்தை இதற்கு ஒட்டினாற்போல் கொடுக்காமல் சில வாரம் தள்ளுவது நல்லது. ‘கூ’ தன் இனத்து டூ, மூ ஆகியவற்றோடு சேராமல் தனித்து நிற்பது புதிய குழப்பத்தைக் கொண்டுவரும்.

உகரமும் இகரமும் வரும் சொற்களில் வேறொரு சிக்கலும் உண்டு. ‘குடம்’ என்று எழுதச் சொன்னால் சில குழந்தைகள் ‘கொடம்’ என்று எழுதும். வீட்டுப் பேச்சில் அது கொடம்தான். இடம் எடமாகவும், புடவை பொடவையாகவும், பிடி புடியாகவும் ஒலிக்கின்றன. அந்தக் குழந்தை கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறது, அதாவது எழுத்து வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. எனவே ‘கு’வை அறிமுகம் செய்ய ‘குடம்’ படம் போட்ட அட்டை பொருந்தாது. பேச்சிலும் எழுத்திலும் ஒரே மாதிரி ஒலிக்கும் குட்டி, குருவி போன்ற சொற்களே கட்டத்துக்குரிய அடையாளச் சொற்களாக இருக்க வேண்டும். ‘கி’க்குக் கிளி நல்லது. குடம், இடம் போன்றவை பிறகு வரட்டும். அப்போது ‘நாம் சொல்வது கொடம், எழுதுவது குடம்’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். வீட்டுப் பேச்சைத் தப்பு என்று சொன்னால் குழந்தை தன் காதையே சந்தேகிக்கத் தொடங்கும். காதை நம்பாத குழந்தைக்கு அட்டவணையால் பயனில்லை.

கொம்பு வரிசைகள் ஆண்டின் பிற்பகுதிக்கு உரியவை. ‘கெ’ என்று சொல்லும்போது முதலில் கேட்பது க. எழுதும்போது முதலில் வருவது கொம்பு. கேட்கும் ஒழுங்கும் எழுதும் ஒழுங்கும் இங்கே முரண்படுவதால், குழந்தைகள் முதலில் க எழுதிவிட்டுக் கொம்பை வலப்பக்கம் போடுவது இயல்பு. தரை அட்டவணையில் ஒரு குழந்தை ‘க’ அட்டையைப் பிடித்து நிற்க, கொம்பு அட்டை வைத்திருக்கும் குழந்தை எப்போதும் அதன் இடப்பக்கம் வந்து நிற்க வேண்டும் என்ற விளையாட்டு இதற்கு உதவும். ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் ஒரே வாரத்தில் கொடுக்கக் கூடாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இப்படித் தனித்தனிக் கொம்பு வந்ததே பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த மாற்றத்தால்தான். அதற்கு முன் புள்ளியே இரண்டையும் பிரித்துக் காட்டியது, ஓலையிலோ அது பெரும்பாலும் விடுபட்டது. அந்தப் பழைய மயக்கம் எவ்வளவு இயல்பானது என்பதை ‘மெல்ல’, ‘மேலே’ இரண்டையும் ஒரே கொம்பால் எழுதும் முதல் வகுப்புக் குழந்தை இன்றும் காட்டுகிறது. பெட்டி–பேட்டி, கொடி–கோடி போன்ற இணைகளைக் காதால் பிரித்தறிந்த பிறகே கண்ணுக்குக் காட்ட வேண்டும்.

‘கொ’தான் அட்டவணையின் கடினமான கட்டம். குழந்தை ஏற்கெனவே அறிந்த கொம்பும் துணைக்காலும் இரு பக்கமும் நிற்க, ஒலியோ எகரமும் அல்ல, ஆகாரமும் அல்ல. ‘கொடி’யை “கெ... ர... டி” என்று ஒரு குழந்தை படித்தால் இரண்டு செய்திகள் தெரியவருகின்றன: அது கொம்பைத் தனியாகப் படிக்கிறது, துணைக்காலை ர என்று எண்ணுகிறது. பல கையெழுத்துகளில் ர-வுக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடே இருப்பதில்லை; ர-வின் காலில் வரும் சிறு சாய்கோட்டை ஆசிரியர் கரும்பலகையில் விடாமல் போட்டாலே பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதிக்கு, கொம்பையும் காலையும் ஒரே நீள அட்டையில் எழுதி, நடுவில் எழுத்து நுழையும் அளவுக்குத் துளை வெட்ட வேண்டும். க, ப, ம என்று ஒவ்வொன்றாகத் துளைக்குப் பின்னால் நகர்த்தினால் கொ, பொ, மொ கிடைக்கும். ஒரே அட்டையாக இருப்பதால் அது ஒரே குறியாகவே மனத்தில் பதியும்.

முன்னேற்றத்தை அறிய நீண்ட தேர்வு வேண்டாம். வாரம் ஒருமுறை, அதுவரை கற்ற கட்டங்களிலிருந்து பத்தைச் சன்னலால் காட்டலாம். ஐந்தைச் சொல்லி எழுதச் சொல்லலாம். பத்தில் எட்டு உடனடியாக வந்தால் புதிய வரி சேர்க்கலாம். எத்தனை பிழை என்பதைவிட எந்தத் திசையில் பிழை என்பதைக் குறித்துவைப்பது பயன் தரும். ‘பி’யைக் காட்டினால் ‘மி’ என்கிற குழந்தைக்குக் குறி தெரியும், உருவம் தெரியாது. அதற்குக் குறுக்கு வரியில் வேலை இருக்கிறது. ‘பா’ என்கிற குழந்தைக்கு உருவம் தெரியும், குறி தெரியாது. அதற்கு நெடுக்கு வரியில் வேலை. இடையிடையே ‘பகா’, ‘டிமா’ போன்ற பொருளற்ற கூட்டுகளை ஒன்றிரண்டு கொடுத்தால், படத்தைப் பார்த்தோ ஊகித்தோ சொல்லும் குழந்தையும் எழுத்தைப் படிக்கும் குழந்தையும் பிரிந்து தெரிவார்கள். ஒரே வகுப்பில் இரு திசைக் குழந்தைகளும் இருப்பார்கள் என்பதால் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே வரி நடத்துவது பொருந்தாது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளாகப் பிரித்துக் கற்பித்ததன் பின்னுள்ள காரணமும் இதுவே.

அட்டவணை முழுவதும் எப்போது முடியும் என்ற கேள்விக்கு, முதல் வகுப்பில் முடியாது என்பதே நேர்மையான பதில். கன்னடம் கற்கும் குழந்தைகளைப் பற்றி சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்து முழுவதும் கைவர நான்காம் வகுப்பு வரைகூட ஆவதைக் காட்டியது. கன்னடத்தில் கூட்டெழுத்துகள் மிகுதி; தமிழில் அந்தச் சுமை குறைவு. ஆனாலும் 216 கட்டங்களும் ஒரே அளவு உழைப்பைக் கேட்பவை அல்ல. ங வரிசையில் ஆறு வயதுக் குழந்தைக்குத் தேவைப்படுவது தங்கம், மாங்காய் ஆகியவற்றில் வரும் ‘ங்’ ஒன்றுதான். ஞ வரிசையில் ஞாயிறு, மஞ்சள் போன்ற சில சொற்கள் போதும். ஔகார வரிசைக்கு ஔவை, கௌதாரி, மௌனம் என்று மூன்று சொற்களை முழுச் சொற்களாகவே கற்றுத்தந்துவிடலாம். ல, ள, ழ மூன்றையும், ர, ற இரண்டையும், ந, ன, ண மூன்றையும் ஒரே வாரத்தில் வரிசைப்படுத்தாமல், ஒன்று நன்றாகப் பதிந்தபின் மற்றொன்று என்று இடைவெளி விட வேண்டும். அவற்றுள் எது எந்தச் சொல்லில் வரும் என்பதை அட்டவணை சொல்லித் தராது, நிறையப் படித்துத்தான் பழக வேண்டும். சுவரில் மாட்டும் முழு அட்டவணைக்கு இரண்டாம் வகுப்பு போதும். அதிலுள்ள கட்டங்களில் பெரும்பாலானவற்றைக் குழந்தைகள் அதற்குள் தாங்களே நிரப்பியிருப்பார்கள்.